ஒரே நாளில் ஐந்து நாடு சுற்றிய ஐடி

லைன்காரர் என்றால் அந்தத் தெருவில் கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். மின்சார லைன் இல்லை, இன்டர்நெட் லைன். முடியைவிட மெல்லிய கண்ணாடி இழையைக் கம்பத்திலிருந்து வீட்டுக்குள் இழுத்து, அறுந்தால் ஒட்டவைத்து, மூலையில் ஒரு வெள்ளைப் பெட்டியை மாட்டி, அதில் பச்சை விளக்கு எரிந்ததும் கையைத் தட்டிக்கொண்டு இறங்கிவருகிற வேலை. பதினெட்டு வருடமாக இதே ஏணி, இதே தோள்பை. பையில் இழையை ஒட்டுகிற மெஷின், ஒரு டார்ச், இரண்டு கட்டிங் பிளேயர், கண்ணாடி விரிசல்விட்ட ஒரு பழைய போன். புது இணைப்பு கொடுத்ததும் அந்தப் பழைய போனில்தான் வேகத்தைச் சோதித்துப் பார்ப்பார்.

அவருடைய தொழிலுக்கு ஒரு சட்டம் உண்டு. அவரே போட்டுக்கொண்டது. கஸ்டமரை ஒரு பட்டன்கூட அமுக்க விடக்கூடாது. எல்லாவற்றையும் தானாக இயங்குகிற மாதிரி வைத்துவிட்டு வந்துவிட வேண்டும். கஸ்டமர் கையில் ஒரு பட்டனைக் கொடுத்தால், அந்தப் பட்டனைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிட்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் பண்ணுவார்கள் என்பது அவர் அனுபவம். அனுபவம் சரிதான். ஆனால் அந்தச் சட்டத்தை அவர் வீட்டுக்குள்ளும் கொண்டுவந்தார் பாருங்கள், அங்கேதான் மாட்டிக்கொண்டார்.

வீட்டில் அவர் மனைவி. பல் மருத்துவமனையில் வரவேற்பு மேஜை. காலை ஒன்பதிலிருந்து ஐந்து மணிவரை, வீங்கிய கன்னத்தோடு வருகிறவர்களிடம் பஞ்சு மாதிரிக் குரலில் பேச வேண்டும். "உக்காருங்க சார், இப்ப கூப்பிட்டுடுவாங்க, வலிக்காது." நாள் முழுக்க அடக்கிவைத்த அந்தக் குரல் சாயங்காலம் ஐந்தரைக்கு வீட்டில் அவிழும். "வலது பக்கம்! வலது பக்கம்ங்கறேன்ல! மரத்துக்குப் பின்னால ஒருத்தன்!" பக்கத்து வீட்டுக்காரர்கள் முதலில் சண்டை என்று நினைத்தார்கள். பிறகு பழகிவிட்டார்கள்.

போன் விளையாட்டுதான். நூறு பேர் ஒரு தீவில் இறங்கி, சுருங்கிக்கொண்டே வருகிற ஒரு வட்டத்துக்குள் கடைசிவரை நிற்கிற விளையாட்டு. ஏழு வருடத்துக்கு முன்னால், மருத்துவமனை ஈரப்படியில் வழுக்கிக் கால் முறிந்து ஆறு வாரம் கட்டோடு படுத்திருந்தபோது, பொழுது போகட்டும் என்று லைன்காரர்தான் தன் போனில் அதை ஏற்றிக் கொடுத்தார். பெயர் கேட்டபோது அவள் 'கேப்டன்' என்று போட்டாள். எழுந்து நடக்க முடியாத ஒருத்தி கேப்டன் என்று பெயர் வைத்துக்கொண்டதைப் பார்த்து அன்றைக்கு அவர் சிரித்தார். கட்டைப் பிரித்த நாளில் அவள் அந்த ஊர்ப் பட்டியலில் முதல் நூறுக்குள் இருந்தாள். அதற்கப்புறம் அவர் சிரிக்கவில்லை. தெருவில் அவளுக்குக் கேப்டன் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

அந்த ஐடியில், அதாவது விளையாட்டில் அவள் பெயரில் இருக்கிற கணக்கில், ஏழு வருடம் இருக்கிறது. எத்தனை உடுப்பு, எத்தனை பதக்கம், எத்தனை தோழிகள். அவளிடம் நகைப்பெட்டியா ஐடியா என்று கேட்டால் யோசிக்காமல் பதில் வரும். நாம் கேட்காமல் இருப்பது நல்லது.

அணியில் நான்கு பேர். கேப்டன், லைன்காரர், கேப்டனின் அப்பா, தெருமுனை சலூன்காரர். அப்பா முப்பத்தோரு வருடம் பஸ் ஓட்டி, ஒரு கீறல்கூட விழாமல் ஓய்வுபெற்றவர். விளையாட்டிலும் வண்டி அவர் கையில்தான். நாலாபக்கமும் துப்பாக்கி வெடிக்கும்போதும் வளைவில் வேகத்தைக் குறைப்பார், ஹாரன் அடிப்பார். "அப்பா, சுடறாங்க, வேகமா போங்க" என்றால், "வளைவும்மா" என்பார்.

இப்படிப்பட்ட அணி அந்த வருடம் விளையாட்டுக் கம்பெனி நடத்துகிற கோப்பையில் அரையிறுதிக்கு வந்துவிட்டது. பதினாறு அணி, ஞாயிறு காலை பதினொரு மணி, மூன்று சுற்று. முதல் நான்கு அணி இறுதிக்குப் போகும். பதிவுசெய்த நான்கு ஐடிதான் ஆட வேண்டும், ஆள் மாற்ற முடியாது.

சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் லேக் வந்தது, ஆட்டம் இழுத்து இழுத்துப் போகிற வியாதி.

முன்னெல்லாம் கேப்டன் போனில் மேல் ஓரத்தில் பிங் நாற்பத்தைந்து, ஐம்பது என்று பச்சையில் இருக்கும். போனிலிருந்து கிளம்புகிற செய்தி விளையாட்டின் சர்வரைத் தொட்டுத் திரும்ப எத்தனை மில்லி விநாடி ஆகிறது என்ற கணக்கு அது. ஐம்பது என்றால் நினைத்தவுடன் சுடலாம். இருநூறு என்றால், நாம் சுவருக்குப் பின்னால் ஒளிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கும்போது எதிராளியின் திரையில் இன்னும் வெளியேதான் நிற்போம். அரையிறுதிக்குப் பத்து நாள் இருக்கும்போது அந்த எண் இருநூற்றைந்து என்று சிவப்பில் நின்றது.

"நான் சுவருக்குப் பின்னால வந்துட்டேன். அப்புறம் செத்தேன்" என்றாள் கேப்டன். பிறகு கணவனைத் திரும்பிப் பார்த்தாள். லைன்காரர் வீட்டிலேயே லேக் என்றால் அது சமையல்காரர் வீட்டில் பட்டினி மாதிரி. அவருக்கு மானம் போயிற்று.

மறுநாள் காலையில் ஒரு நோயாளியைச் சோதிப்பது போல வீட்டைச் சோதித்தார். வெள்ளைப் பெட்டிவரை இரண்டு மில்லி விநாடி. தன் இன்டர்நெட் கம்பெனி வாசல்வரை நான்கு. வீட்டில் குற்றமில்லை, கம்பத்தில் குற்றமில்லை. அதற்கப்புறம் செய்தி எந்தெந்த வழியாகப் போகிறது என்று தடம் பார்த்தார். அங்கேதான் விஷயம் இருந்தது. விளையாட்டின் சர்வர் இருக்கிற நகரம் கிழக்கே பக்கத்தில் இருக்க, செய்தி மேற்கே கடல் தாண்டிப் போய், அங்கே ஒரு நகரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தது. கம்பெனி போன மாதம்தான் மொத்த இணைப்பு வாங்குகிற இடத்தை மாற்றியிருந்தது. புது இடத்துக்காரன் காட்டிய வழி அது.

கம்பெனி ஆபீசில் வழிகளைப் பார்த்துக்கொள்கிற இன்ஜினியரிடம் போய்ச் சொன்னார். இன்ஜினியர் திரையைப் பார்த்து, "ஆமாண்ணே, சுத்திதான் போகுது. எழுதிப் போட்டிருக்கோம். ரெண்டு மூணு வாரம் ஆகும்" என்றார்.

"எனக்கு ஒன்பது நாள்தான் இருக்கு."

"உங்களுக்கா?"

"கேப்டனுக்கு" என்றார் லைன்காரர். இன்ஜினியருக்கு விளங்கவில்லை.

அன்று மாலை லைன்காரர் ஒரு விபிஎன் வாங்கிக் கேப்டன் போனில் போட்டார், நம் செய்தியை வேறொரு ஊர்க் கணினி வழியாக, அந்த ஊரிலிருந்தே கிளம்பியது போல அனுப்புகிற ஆப். சும்மா கிடைக்கிறதை அவர் தொடவில்லை. இலவசமாகக் கிடைப்பதில் கூட்டம் நெரியும், அதே முகவரியிலிருந்து திருட்டு ஆட்டம் ஆடுகிறவர்களும் இருப்பார்கள், அவர்களோடு நம்மையும் சேர்த்து விளையாட்டுக் கம்பெனி வெளியே தள்ளிவிடும் என்று அவருக்குத் தெரியும். காசு கொடுத்து வாங்கியதில், விளையாட்டு சர்வர் இருக்கிற அதே நகரத்தைத் தேர்ந்தெடுத்தார். சிவப்பு எண் இறங்கி அறுபத்திரண்டில் நின்று பச்சையானது.

மாமனாருக்குச் சந்தேகம். "ஏன் மாப்பிள்ளை, நடுவுல இன்னொரு இடத்துல நிறுத்திட்டுப் போனா நேரம் கூடத்தானே ஆகணும்? எப்படிக் குறையும்?"

"வழி நேரா இருந்தா கூடத்தான் மாமா ஆகும். இப்ப நம்ம டிப்போக்காரன் பஸ்ஸை ஊரைச் சுத்தி விடறான். நாம அந்த பஸ்ல ஏறல. அதே ஊருக்கு வேற கம்பெனி வண்டி நேர் ரோட்டுல போகுது, அதுல ஏறிட்டோம். அவ்வளவுதான்."

"அப்ப டிப்போக்காரன் சரியான ரோட்டுல விட்டுட்டா?"

"இதை இறக்கிட வேண்டியதுதான். அதுக்கப்புறம் இது வெறும் சுமை."

மாமனார் தலையாட்டினார். டிப்போவைக் குறை சொன்னால் அவருக்கு எதுவும் உடனே புரிந்துவிடும்.

கேப்டன் அன்று மூன்று ஆட்டம் ஜெயித்தாள். எழுந்துபோய் டீ போட்டு, முதல் டம்ளரை அவர் முன்னால் வைத்தாள். அந்த டீயில் அவர் இரண்டு நாள் மிதந்தார்.

மிதக்கிற மனிதனுக்குப் பரோபகாரம் பிறக்கும். சலூன்காரர் சனிக்கிழமை முடிவெட்டும்போதே கேட்டார். "அண்ணே, எனக்கும் அதைப் போட்டு விடுங்கண்ணே. எனக்கும் விட்டு விட்டு இழுக்குது."

சலூன்காரர் வைத்திருப்பது போட்டிக் கம்பெனியின் லைன். இருந்தாலும் லைன்காரர் கழுத்தில் துணியோடு எழுந்து பார்த்தார். பிங் நாற்பது, நாற்பத்திரண்டு, திடீரென்று முந்நூற்றெண்பது, மறுபடி நாற்பது. விபிஎன்னைப் போட்டுக் காட்டினார். ஐம்பத்தைந்து, ஐம்பத்தெட்டு, நானூறு, மறுபடி ஐம்பத்தைந்து.

"இன்னும் மோசமா ஆயிடுச்சேண்ணே."

"உனக்கு வழி நல்லாத்தான் இருக்கு. வாசல்தான் அடைச்சிருக்கு. பெட்டி எங்க?"

பெட்டி சுவரளவு பெரிய கண்ணாடிக்குப் பின்னால், அழகு கெடக்கூடாது என்று மறைத்து வைக்கப்பட்டிருந்தது. கண்ணாடியின் பின்பூச்சு வைஃபையைத் தடுத்துத் திருப்பிவிடும் என்று சொல்லி, லைன்காரர் பாதி வெட்டிய தலையோடு ஸ்டூலில் ஏறிப் பெட்டியைக் கதவுக்கு மேலே மாட்டினார். நாற்பது நாற்பதாகவே நின்றது. "விபிஎன் எல்லாத்துக்கும் மருந்து இல்லைப்பா" என்று சொல்லிவிட்டு, மீதி முடியை வெட்டக் கொடுத்தார்.

அன்று மாலை மாமனார் ஒரு யோசனையோடு வந்தார். விளையாட்டுக் கடையில் வண்டிக்குப் பஸ் மாதிரிச் சிவப்புப் பூச்சு விற்கிறது. விபிஎன்னில் வேறு நாட்டைக் காட்டினால் பாதி விலைக்குக் கிடைக்கிறதாம், யாரோ சொன்னார்களாம்.

"மாமா, அதை மட்டும் பண்ணிடாதீங்க. ஊரை மாத்திக் காட்டி வாங்கினா ஐடியைத் தூக்கிடுவாங்க. விதியிலேயே எழுதியிருக்கு. பிங்குக்காகப் போடறது வேற, ஏமாத்தறதுக்காகப் போடறது வேற."

ரொம்ப நன்றாகச் சொன்னார். ஊருக்கெல்லாம் சொன்னார். தன் கையால் கேப்டன் போனில் என்ன செய்துவைத்திருந்தார் என்பதை மட்டும் மறந்துவிட்டார்.

கஸ்டமரை ஒரு பட்டன்கூட அமுக்க விடக்கூடாது அல்லவா. முதல் நாள் நகரத்தைக் கையால் தேர்ந்தெடுத்துச் சோதித்த பிறகு, அவர் கை பழக்கதோஷத்தில் இரண்டு இடங்களைத் தட்டிவிட்டது. ஒன்று, 'போன் திறந்தால் தானாக இணை'. இன்னொன்று, 'வேகமான சர்வரைத் தானாகத் தேர்ந்தெடு'. விளையாட்டு மட்டும் அந்த வழியில் போகட்டும், மற்றதெல்லாம் நேர்வழியில் போகட்டும் என்று பிரித்துவைக்கவும் இடம் இருந்தது. அதை அவர் தொடவே இல்லை.

விளைவு என்ன? விபிஎன் தனக்கு எது பக்கமோ, எதில் கூட்டம் குறைவோ அதில் ஏறிக்கொண்டது. காலையில் கேப்டன் பஸ்ஸில், விளையாட்டு தினமும் தருகிற பரிசை எடுக்கத் திறந்தால் ஒரு நாடு. மத்தியானம் மருத்துவமனை வைஃபையில் திறந்தால் இன்னொரு நாடு. நடுவில் இணைப்பு அறுந்த நிமிஷத்தில் சொந்த நாடு. ஒரே பெண் ஒரே நாளில் மூன்று நாட்டில் இருந்தாள். விளையாட்டுக் கம்பெனியின் கணினிக்கு இவள் பஸ்ஸில் நிற்கிறாள் என்று எப்படித் தெரியும்? யாரோ ஐடியைத் திருடிவிட்டார்கள் என்றுதான் அது நினைக்கும்.

வியாழக்கிழமை வங்கி ஆப் திறக்க மறுத்தது. "வெளிநாட்டுல இருந்து வர்றீங்கன்னு சொல்லுதுங்க" என்றாள் கேப்டன். லைன்காரர் தலைநிமிராமல், "சர்வர்ல ஏதாவது கோளாறா இருக்கும்" என்றார். அவருக்குள் லேசாக ஒரு மணி அடித்தது. அதை அவர் எடுக்கவில்லை.

வெள்ளி மத்தியானம் ஒரு மணிக்குப் போன். கேப்டன் ரகசியக் குரலில் பேசினாள். "என்னங்க, கேம் என்னை வெளியே தள்ளிடுச்சு. நான்தானான்னு பாக்க ரகசிய எண் கோடு ஒண்ணை நம்பருக்கு அனுப்பியிருக்காம். கடைசி ரெண்டு இலக்கம் முப்பத்தேழுன்னு காட்டுது. அது எந்த நம்பர்?"

லைன்காரர் ஏணியில் பாதியில் நின்றார். முப்பத்தேழு அவருடைய பழைய சிம், ஐடி தொடங்கிய நாளில் அவர் போனில் இருந்தது. நான்கு வருடத்துக்கு முன்னால் திட்டம் மாற்றும்போது விட்டுவிட்ட எண். இப்போது யாரிடம் இருக்கிறதோ.

"நான் வந்து பாக்கறேன். நீ ஒண்ணையும் அமுக்காதே" என்றார்.

பல் மருத்துவமனைக் காத்திருப்பு அறையில், கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்த இருவருக்கு நடுவில் உட்கார்ந்து அவர் அந்தப் போனை வாங்கினார். அந்த நேரத்தில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. விபிஎன்னை அணைத்துவிட்டு, வீட்டு இணைப்பிலிருந்து, நிதானமாக உதவிப் பக்கத்துக்கு எழுதுவது. இன்னொருவர் வீட்டில் என்றால் அதைத்தான் சொல்லியிருப்பார். இது கேப்டனின் ஐடி, ஞாயிறு அரையிறுதி. ஒரு நாட்டு வழியில் திறக்கவில்லையா, அடுத்த நாட்டைப் போடு. அதிலும் இல்லையா, அடுத்தது. பத்து நிமிஷத்தில் ஐந்து நாட்டிலிருந்து கதவைத் தட்டினார். அறுந்த இழையை ஒவ்வொரு துளையாகச் செருகிப் பார்க்கிற பழக்கம்.

ஆறாவது தடவை கோடு கேட்கவில்லை. 'சந்தேகத்துக்குரிய நடவடிக்கை காரணமாக இந்தக் கணக்கு நிறுத்திவைக்கப்பட்டுள்ளது' என்று வந்தது.

அவர் எழுந்தார். மேஜைக்கு நடந்தார். கேப்டன் யாருக்கோ அடுத்த வாரத் தேதி எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பழியைக் கம்பெனிமேல் போடலாம். திருடன்மேல் போடலாம். இரண்டும் நாக்கு நுனிவரை வந்தன. அவள் முகத்தைப் பார்த்ததும் இரண்டும் போய்விட்டன.

"நிறுத்திட்டாங்க. நான்தான் காரணம். ரெண்டு பட்டனைத் தப்பா வெச்சுட்டேன், இப்ப அஞ்சு நாட்டுல இருந்து திறந்து பாத்தேன்."

அறையில் ஏழு நோயாளிகள். கேப்டனுக்கு அந்த இடத்தில் ஒரே ஒரு குரல்தான் உண்டு. அந்தப் பஞ்சுக் குரலில், புன்னகை கொஞ்சமும் குலையாமல், "சரிங்க. சாயங்காலம் பேசிக்கலாம். அடுத்தது யாரு, உள்ள போங்க" என்றாள். அந்த இனிமையில் அவருக்கு வியர்த்துவிட்டது.

சாயங்காலம் அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். ஐந்தரை மணிக்கு அந்த வீட்டில் சத்தமே இல்லை என்பதைக் கேட்டுப் பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். கட்டிலில், ஏழு வருடத்துக்கு முன்னால் காலை நீட்டிப் படுத்திருந்த அதே பக்கத்தில், கேப்டன் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தாள். லைன்காரர் மேஜையில் உட்கார்ந்து விளையாட்டுக் கம்பெனிக்கு மனு எழுதினார். விபிஎன்னை அணைத்திருந்தார். எழுதியதை எடுத்துக்கொண்டு வந்து படித்துக் காட்டினார். "'எங்கள் கணக்கை மர்ம நபர்கள் சிலர் வெளிநாடுகளிலிருந்து...'"

"யாரு மர்ம நபர்?"

அவர் லுங்கி முனையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"மர்ம நபர் இதோ லுங்கி கட்டிக்கிட்டு உக்காந்திருக்காரு. உண்மையை எழுதுங்க. கஸ்டமர் வீட்டுல லைன் அறுந்தா கம்பெனிக்கு எப்படி எழுதுவீங்க, அப்படி எழுதுங்க."

அந்த ஒரு வாக்கியம் அவருக்குப் போதுமாக இருந்தது. பழுது அறிக்கை எழுதுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. எந்தத் தேதியில் லேக் தொடங்கியது, செய்தி எந்த வழியாகச் சுற்றியது, அதற்கான படம், எதற்காக விபிஎன் போட்டது, எந்த இரண்டு பட்டனைத் தப்பாக வைத்தது, வெள்ளி மத்தியானம் எந்தெந்த நாட்டிலிருந்து எத்தனை மணிக்குத் திறந்து பார்த்தது, வீட்டு இணைப்பின் முகவரி எது. 'தவறு ஆட்டக்காரருடையது அல்ல, இணைப்பை அமைத்துக்கொடுத்த கணவருடையது' என்று முடித்தார். கேப்டன் படித்துவிட்டு அந்தக் கடைசி வரியை மறுபடி ஒருமுறை படித்தாள்.

கம்பெனி இரண்டு மணி நேரத்தில் பதில் கேட்டது. கணக்கு எந்த ஆண்டு தொடங்கியது? முதலில் வாங்கிய பொருள் என்ன? முதன்முதலில் பயன்படுத்திய போனின் அடையாள எண் என்ன?

முதல் இரண்டும் கேப்டனுக்கு மனப்பாடம். மூன்றாவதற்கு அவள் முகம் வாடியது. "அந்தப் போன் எப்பவோ போயிருக்கும்."

லைன்காரர் எழுந்துபோய்த் தோள்பையைக் கவிழ்த்தார். கட்டிங் பிளேயருக்கும் டார்ச்சுக்கும் நடுவிலிருந்து விரிசல்விட்ட அந்தப் பழைய போன் விழுந்தது. அவள் கட்டோடு படுத்திருந்தபோது அவர் கொடுத்த அதே போன். ஏழு வருடமாக ஊரிலுள்ள எல்லா வீட்டு வேகத்தையும் சோதித்துக்கொண்டு அவர் தோளிலேயே தொங்கியிருக்கிறது. கேப்டன் அதைக் கையில் வாங்கி விரிசலைத் தடவிப் பார்த்தாள். அன்றைக்கு முதன்முறையாகச் சிரித்தாள்.

சனிக்கிழமை காலை அவர் தன் ஆபீசுக்கும் போனார். அந்தத் தெருவில் பதினான்கு வீட்டிலிருந்து எடுத்த தடங்களைக் காட்டி, எல்லாம் கடல் தாண்டிச் சுற்றுகிறது பாருங்கள் என்றார். இன்ஜினியர் இந்தத் தடவை நிமிர்ந்து உட்கார்ந்தார். "இதை வெச்சு மேல பேசறேண்ணே. ஆனா திங்களுக்கு முன்னால கையை வைக்க மாட்டாங்க" என்றார்.

சனி மாலை நான்கு மணிக்கு விளையாட்டுக் கம்பெனியின் பதில் வந்தது. கணக்கு திறக்கப்பட்டது. விபிஎன் போட்டதற்காகத் தடை இல்லை, இடம் மாறி மாறி வந்ததற்காகத்தான். இனி மறுபடி அப்படி நடந்தால் நீண்ட காலத் தடை. கேப்டன் உள்ளே நுழைந்தாள். உடுப்பு, பதக்கம், தோழிகள், எல்லாம் அப்படியே இருந்தன. லைன்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஏணியிலிருந்து தூசி விழுந்ததாகச் சொன்னார். ஏணி வெளியே வண்டியில் இருந்தது.

"நாளைக்கு என்ன பண்றது?" என்று மெல்லக் கேட்டார். "அந்த ஒரே நகரத்தைப் பூட்டி வெச்சு, கேம் மட்டும் அதுல போற மாதிரிப் பண்ணலாம். நாடு மாறாது. பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது."

"பெரும்பாலுமா?"

"இணைப்பு நடுவுல அறுந்தா ஒரு நிமிஷம் இங்க, ஒரு நிமிஷம் அங்கன்னு தெரியும்."

கேப்டன் யோசித்தாள். "கோப்பை ஒரு ஞாயித்துக்கிழமை. ஐடி ஏழு வருஷம். அது வேண்டாம், சலூன் லைனும் வேண்டாம், மனுவுல எழுதிக் கொடுத்த வீட்டு லைன்தான். இருநூத்தஞ்சுலயே ஆடறேன்."

ஆடினாள். இருநூற்றைந்து வைத்துக்கொண்டு நேருக்கு நேர் நிற்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். முதல் சுற்றிலேயே திட்டத்தை மாற்றினாள். யாரையும் தேடிப் போகாதே, வட்டத்துக்குள் முதலில் போய் உட்கார், வருகிறவனுக்காகக் காத்திரு. அதற்கு வேண்டியது நல்ல டிரைவர் ஒருவர். மாமனாருக்கு வாழ்க்கையிலேயே அப்படி ஒரு மரியாதை கிடைத்ததில்லை. மூன்று சுற்றிலும் ஒரு கீறல் இல்லாமல் கொண்டுபோய் இறக்கினார். சலூனில் உட்கார்ந்து நாற்பது பிங்கில் ஆடிய சலூன்காரர்தான் சுடுகிற வேலை முழுதும் பார்த்தார். லைன்காரர் எல்லாச் சுற்றிலும் முதலில் செத்தார். அது லேக் இல்லாத காலத்திலும் நடப்பதுதான்.

பதினாறு அணியில் ஆறாவது. இறுதிக்கு இரண்டு இடம் குறைந்துவிட்டது. கேப்டன் தொண்டை கட்டுகிற வரை கத்தியிருந்தாள். போனை வைத்துவிட்டு, "நல்லாத்தான் ஆடினோம்" என்றாள். மனசாரச் சொன்னாள். கேட்ட மூன்று பேருக்கும் நெஞ்சு நிறைந்தது.

மத்தியானம் அவள் ஐடியின் அமைப்புகளைத் திறந்தாள். கோடு வர வேண்டிய எண்ணை மாற்ற வேண்டும். லைன்காரர் பழக்கத்தில் தன் போனை நீட்டினார்.

"வேண்டாங்க" என்று தன் எண்ணைப் போட்டாள்.

அவள் போனே கையில் அதிர்ந்தது. கோடு அதற்கே வந்திருந்தது. அவளே தட்டச்சு செய்தாள். பிறகு விபிஎன்னைத் திறந்து, "அந்த ரெண்டு பட்டன் எது? காட்டுங்க. தொடாதீங்க, காட்டுங்க" என்றாள். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மூக்கால் காட்டினார். இரண்டையும் அவளே அணைத்தாள். ஒரே நகரத்தைப் பூட்டினாள். விளையாட்டு மட்டும் என்பதைத் தேர்ந்தெடுத்தாள். கடைசியில் மொத்தத்தையும் அணைத்து வைத்தாள். லைன்காரருக்குக் கொஞ்சம் வலித்தது என்பதை மறைப்பானேன். பதினெட்டு வருடத்தில் எந்தக் கஸ்டமரும் அவர் கையைத் தட்டிவிட்டதில்லை.

திங்கட்கிழமை அவர் வேலை முடிந்து ஐந்தே முக்காலுக்கு வந்தார். வாசல்வரை சத்தம் கேட்டது. "வலது பக்கம்! அப்பா, வலது பக்கம்!" செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், எண்ணைப் பார்க்கத் தலையை நீட்டினார்.

கேப்டன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். "நாப்பத்தேழு. வழியை நேராக்கிட்டாங்க. விபிஎன்னைப் போட்டும் பாத்தேன், அறுபது. அதான் அணைச்சுட்டேன். நீங்க போய் கை கழுவிட்டு வாங்க, டீ போட்டு வெச்சிருக்கேன்."